கோயில் மடையும் கடைமடையும்

தைப்பூசத்தன்று, பரந்தனுக்கு அண்மையில் நெல்வயல்கள் சூழ்ந்த ஊரொன்றிலுள்ள சிவன் கோயிலுக்குச் சென்றிருந்தேன். அவ்வூரின் பெயரும் கோயிலின் பெயரும் ஈண்டு வேண்டா. அன்று புதிர்ப் பொங்கல். பெரும்போகத்தின் முதல் நெல்லைக் குற்றி எடுத்த அரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துப் பெரிய கிடாரத்திலே பொங்கியிருந்தார்கள். திரை இழுபட்டது, மணி ஒலித்தது, திரை நீங்கித் தீபம் காட்டப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததே யான் இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

கிடாரத்திலிருந்து முதலில் மூன்று வாளிகள் நிரப்பப்பட்டன. அவை உபயகாரரின் வாகனத்துக்குச் சென்றன. பின்னர் மண்டபத்தினுள் விரிப்பில் அமர்ந்திருந்தோருக்குப் பொங்கல் வழங்கப்பட்டது. அவர்களுள் யானும் ஒருவன். வெளிவீதியில் வெயிலில் நின்ற நீண்ட வரிசைக்குக் கிடாரம் வந்து சேர்ந்தபோது அகப்பை அடியைச் சுரண்டும் ஓசை கேட்டது. அவ்வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் அந்நெல்லை விதைத்துக் களைபிடுங்கி அறுத்தவர்கள். என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கையிலிருந்த வாழையிலைத் துண்டையும், அதில் ஒரு விரலளவு ஒட்டியிருந்த பொங்கலையும் மாறிமாறிப் பார்த்தான். பின் என்னிடம் வந்து, "சேர், சாமி எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சிட்டாரோ?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்டானல்லன். உண்மையாகவே அறிய விரும்பினான். முப்பது ஆண்டுக்காலம் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடையிறுத்துப் பழகிய யான் அன்று விடையின்றி நின்றேன். அவ்வினாவுக்குரிய விடையையே இப்போது எழுதுகிறேன்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். நிவேதனம் என்னும் வடசொல்லின் அடிப்பொருள் 'அறிவித்தல்' என்பது. உணவை இறைவன்முன் வைத்தல் அவனுக்குப் பசி தீர்த்தலன்று; நமக்குக் கிடைத்ததை அவனுக்கு அறிவித்தலே. 'இது நின்னால் வந்தது' என்று அறிவித்த பின்னரே நாம் அதனைத் தொடுகின்றோம். பிரசாதம் என்பதற்குத் தெளிவு, அருள் என்னும் பொருள்கள் உண்டு. அறிவித்தது அருளாகத் திரும்பி வருகின்றது. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே நிகழ்வது ஒன்றே: பொருளின் உரிமை கைமாறுகின்றது. கிடாரத்தில் இருந்தபோது அது உபயகாரரின் அரிசி. நிவேதனமான பின் அது இறைவனின் உணவு. பிரசாதமாகும்போது அது அடியார் அனைவருக்கும் உரியது. மீண்டும் உபயகாரரின் அரிசியாக அது எக்கட்டத்திலும் மாறுவதில்லை.

தமிழில் இதற்கு 'மடை' என்னும் அழகிய சொல் உண்டு. தெய்வத்துக்குப் படைக்கும் உணவு மடை. அதனைச் சமைக்குமிடம் மடைப்பள்ளி. வன்னிநாட்டுக் கோயில்களில் மடை பரவுதல், மடைப்பண்டம் எடுத்தல் என்னும் வழக்குகள் இன்றும் வாழ்கின்றன. அதே சொல் குளத்து நீரை வயலுக்கு விடும் வழியையும் குறிக்கும். இரணைமடு என்னும் பெருங்குளத்தை நம்பி வாழும் நமக்கு இந்த இரண்டாம் பொருளை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் வயல் உடையவன் தன் தேவைக்குமேல் நீரை மறித்துக்கொண்டால் கடைமடைப் பயிர் கருகும். குளம் நிரம்பித்தான் இருக்கும். மழையும் பெய்துதான் இருக்கும். இருந்தும் கடைமடைக்காரன் வாய்க்காலின் ஈரமண்ணை மட்டுமே காண்பான். அன்று கோயிலில் யான் கண்டதும் இதுவே. அருளுக்குக் குறைவில்லை, வாய்க்கால் இடையிலே மறிக்கப்பட்டிருந்தது.

கோயிற் கிரியையை உற்று நோக்கினால் பகிர்தல் என்பது பூசை முடிந்தபின் நிகழும் உபசாரம் அன்று என்பது தெளிவாகும். சமைத்த அமுது மூடிய பாத்திரத்தில் மடைப்பள்ளியிலிருந்து வருகின்றது. சமைப்பவர் உப்புப் பார்த்தற்கும் அதனை வாயில் இடுவதில்லை. சிவாசாரியார் அதன்மீது நீர் தெளித்துத் தூய்மை செய்து, தேனு முத்திரை காட்டி அதனை அமுதமாகப் பாவித்து, பிராணன் முதலிய ஐவகை வாயுக்களுக்கும் உரிய மந்திரங்களால் நிவேதிக்கின்றார். பின்னர்ப் பானீயமும் தாம்பூலமும் கொடுக்கப்படுகின்றன, தீபாராதனை நிகழ்கின்றது. சிவன் கோயிலில் இத்துடன் பூசை நிறைவு பெறுவதில்லை. சண்டேசுரர் சந்நிதியில் வழிபாடு நிகழ்ந்த பின்னரே அது நிறைவுறும்.

சண்டேசுரர் யார்? பெரியபுராணம் கூறும் வரலாற்றைச் சைவப் பிள்ளைகள் அறிவர். சேய்ஞலூரில் தோன்றிய விசாரசருமர் என்னும் சிறுவர், பசுவை அடித்த ஆயனின் செயல் பொறாது, தாமே அவ்வூர்ப் பசுக்களை மேய்க்கத் தொடங்கினார். மேய்ச்சல் நிலத்தில் மணலால் இலிங்கம் அமைத்துப் பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலால் திருமஞ்சனம் ஆட்டினார். இறைவன் அவருக்கு அளித்த பேறு யாது? தாம் உண்டதும் உடுத்ததும் சூடியதும் அவருக்கே உரியன என்னும் பதவி. எனவே சிவன் உண்டதன் எஞ்சிய அமுதுக்கு முதல் உரிமையாளர் மாடு மேய்த்த ஒரு சிறுவர். அரசன் அல்லன், அறங்காவலர் அல்லர், உபயகாரரும் அல்லர்.

நாம் சண்டேசுரர் சந்நிதியில் கைகளை மெல்லத் தட்டுகின்றோமே, அதற்கு மக்கள் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. 'சிவன் சொத்து எதனையும் யான் கொண்டு செல்கின்றிலேன். பார், என் கைகள் வெறுமையாய் உள்ளன' என்று காட்டுவதாம். அன்று உபயகாரரும் முறைப்படி கைதட்டி வணங்கினார். மூன்று வாளிகளும் அப்போது வாகனத்தில் இருந்தன. அவர் தீயவர் அல்லர். ஊருக்கு உதவும் நல்ல மனிதர். தாம் கொண்டு செல்வது சிவன் சொத்து என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. நம் எல்லாருக்கும் நேர்ந்துள்ள மறதி அது.

இவ்வுண்மையை நூல்களிற் கற்க முடியாதவர்களும் அறியும்படி நம் மண்ணே ஒரு கதையைப் பாதுகாத்து வைத்துள்ளது. பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவு வீதியிற் சென்றால் நந்திக்கடல் வரும். அந்நீரேரியின் கரையிலுள்ளது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரியூட்டிய கண்ணகி சினம் தணியாளாய் ஈழத்துக்கு வந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இவ்விடத்தை அடைந்தாள் என்றும், பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் கூறுவர்.

அக்கதையின்படி, நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் முன் ஒரு முதியவள் தோன்றுகிறாள். பசிக்கிறது என்கிறாள். சிறுவர்கள் அவள் யார், எக்குலத்தாள் என்று வினவவில்லை. தம்மிடமிருந்த அரிசியையும் பாலையும் கொண்டு புக்கை சமைத்து அவளுக்கு அளிக்கின்றனர். பொழுது படுகின்றது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுங்கள் என்கிறாள், விளக்கு எரிகின்றது. பின்னர்த் தன் தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் தலையெங்கும் கண்களைக் கண்டு திகைக்க, அவள் மறைந்து விடுகிறாள்.

இன்றும் ஆண்டுதோறும் அக்கதை கிரியையாக நிகழ்கின்றது. பாக்குத்தெண்டல் என்னும் சடங்கு முதலில் நடைபெறும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நீரிலே விளக்கேற்றப்படும். ஒரு வாரம் கழிய, அங்கே விநாயகருக்குப் பொங்கல். மறுநாள், வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை, அங்கிருந்து மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குச் செல்ல, அம்மனுக்குப் பொங்கல் நிகழும்.

கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பற்றியே நாம் எல்லோரும் பேசுகின்றோம். அதற்கு முன் நிகழ்ந்த அற்புதத்தைக் கவனிப்பதில்லை. சிறுவர்கள் கொடுத்தபோது அது நிவேதனம் என்பதை அவர்கள் அறியார். வந்திருப்பது தெய்வம் என்பதையும் அறியார். பசித்தவர்க்குக் கொடுத்தார்கள், அதுவே நிவேதனம் ஆயிற்று. நாமோ தெய்வத்துக்கு என்று அறிந்தே கொடுக்கின்றோம். கொடுத்தபின் பசித்தவரை வெளிவீதியில் நிறுத்துகின்றோம். கதை காட்டும் முறைக்கு இது நேர் மாறானதன்றோ?

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இங்கே இன்னொரு நினைவும் எழும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்குக் கடைசி முறையாக அமுது படைத்தது மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் மனையில். அரிசியும் காயும் பாலும் நெய்யும் கொடுத்தவர்கள் ஆயர்கள். காப்பியத்தில் அவளுக்கு இறுதியாக உணவுப் பொருள் ஈந்தவர்களின் குலத்தையே வன்னிக் கதையிலும் காண்கின்றோம். மதுரையில் வாழ்வு இழந்தவளுக்கு நந்திக்கடற் கரையில் மீண்டும் ஒரு வேளை உணவு. எங்கள் முன்னோர் காப்பியத்தை ஏட்டில் மட்டும் படிக்கவில்லை; அதன் குறையைத் தம் பானையால் நிரப்பினர் என்றே யான் கொள்கிறேன்.

மணிமேகலைக் காப்பியமும் இதே நெறியைக் கூறுகின்றது. ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. மழை வளத்தால் நாட்டில் பசி நீங்கவே, உண்பார் இன்றி அவன் கடல் கடந்து வேறு நாட்டுக்குச் செல்லப் புறப்பட்டான். வழியில் மணிபல்லவத்தில் மரக்கலம் அவனைத் தனியே விட்டுச் சென்றது. பல உயிரை ஓம்பும் பாத்திரத்தைக் கொண்டு தன்னுயிர் ஒன்றையே ஓம்ப அவன் இசையவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, தான் உண்ணாது உயிர் நீத்தான். அப்பாத்திரம் ஆண்டுக்கொரு முறை நீரின்மேல் தோன்றும் நாள் வைகாசி விசாகம். நம் வற்றாப்பளைப் பொங்கலும் அந்நாளையே ஒட்டி வருகின்றது. ஒன்று பௌத்த காப்பியம், மற்றையது அம்மன் வழிபாடு. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று யான் வாதிட வரவில்லை. பொதுப் பானையிலிருந்து தனித்து உண்ணலாகாது என்னும் எண்ணம் தமிழருக்கு எவ்வளவு பழையது என்பதை உணர்தல் போதும்.

பழங்கதைகளை விட்டு நம் காலத்துக்கு வருவோம். பரந்தன், கிளிநொச்சிப் பகுதி பல திசைகளிலிருந்தும் வந்தோர் கூடி வாழும் நாடு. குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்தினின்றும் வந்து காணி பெற்றோர் ஒரு பகுதியினர். 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களால் துரத்தப்பட்டு, உயிர் ஒன்றையே உடைமையாகக் கொண்டு வந்த தமிழர் பலர். அவர்களுள் மலையகத் தோட்டங்களினின்று வந்தோர் பெருந்தொகையினர். அவர்கள் காடு வெட்டினர், வயல் விதைத்தனர், பலர் இன்றும் பிறர் காணியில் கூலிக்கு உழைக்கின்றனர். அன்று வெளிவீதியில் நின்ற வரிசையில் யான் கண்ட முகங்கள் இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரந்தனை விட்டு நாம் எல்லோரும் இதே முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நடந்தோம். காணி உடையவரும் நடந்தார், கூலிக்காரரும் நடந்தார். வைகாசி வரையிலான அம்மாதங்களில், அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிக்காக ஒரே வரிசையில் நின்றோம். யானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எவ்வூரார் என்றும், எனக்குப் பின்னால் நின்றவர் எக்குலத்தார் என்றும் அப்போது எவரும் வினவவில்லை. அக்கஞ்சியைத் தெய்வத்துக்கு எவரும் நிவேதிக்கவில்லை. ஆயினும் அது பிரசாதமாகவே இருந்தது. இன்று வைகாசியில் அந்நினைவாகக் கஞ்சி காய்ச்சி வழங்கும்போது எவரும் மண்டபத்தார், வெளிவீதியார் என்று பிரிப்பதில்லை. அதே மக்கள், அதே மாவட்டம். கோயிற் கிடாரத்தின் முன் மட்டும் ஏன் இரண்டு வரிசைகள்?

சாதி பற்றிச் சொல்லாமல் இதனை முடிக்க இயலாது. கோயில் போன்ற பொது இடங்களில் சாதி காட்டி ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை மூத்தோர் மறந்திரார். வாயில்கள் படிப்படியாகத் திறந்தன. ஆனால் அகப்பை எத்திசையில் முதலில் செல்ல வேண்டும் என்று எச்சட்டமும் கூற இயலாது. வாயிலில் மறிக்க முடியாதபோது வரிசையில் மறித்தல் எளிது. 'உபயகாரருக்கு முதலில்', 'மண்டபத்தில் இருப்பவர்களுக்கு முதலில்' என்னும் சொற்களில் சாதியின் பெயர் இல்லை. இருந்தும் பெரும்பாலும் பழைய வரிசையே திரும்பி வந்துவிடுகின்றது. இதைச் செய்வோரிற் பலர் அறிந்து செய்வதில்லை. அதனாலேயே சொல்ல வேண்டியிருக்கின்றது.

இனி, அன்றைய கிடாரத்தையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். சமைத்தவரிடம் பின்னர்க் கேட்டறிந்தேன். பச்சையரிசி 6 கிலோ, பயறு ஒன்றரைக் கிலோ, சர்க்கரை 5 கிலோ. அவற்றுடன் நீரும் தேங்காய்ப்பாலும். அரிசி வெந்தால் தன் நிறையில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். பயறும் அவ்வாறே நீர் குடிக்கும். எல்லாம் சேர்ந்து கிடாரத்தில் 28 கிலோ அளவு பொங்கல் இருந்திருக்கும். ஓர் அகப்பை 100 கிராம் எனக் கொண்டால் 280 பேருக்குப் போதும். அன்று வந்திருந்தோர் 250 பேரளவில். ஆகவே சமைத்தவர் சரியாகவே மட்டிட்டிருந்தார், குறைவு அவருடையதன்று. ஒவ்வொன்றும் 6 கிலோ கொள்ளும் மூன்று வாளிகள் வெளியே சென்றபோது 180 பேரின் பங்கு சென்றது. மிஞ்சிய நூறு பங்கில் மண்டபத்தில் இருந்தோர் எண்பது பேர் உண்டனர். எஞ்சிய இருபது பங்கு, வெளியே நின்ற 170 பேருக்கு. என் மாணவனின் இலையில் ஒட்டியிருந்தது எவ்வளவு என்பது இப்போது விளங்கும்.

அம்மூன்று வாளிகளும் என்னவாயின? உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன என்றும், ஒரு வாளி மறுநாட் காலை புளித்துப்போய்க் கொட்டப்பட்டது என்றும் அறிந்தேன். இதில் வியப்பில்லை. தேங்காய்ப்பால் சேர்ந்த பொங்கல் நம் வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நல்ல நிலையில் இருப்பது அரிது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். பின்னர் எவ்வளவு சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. உண்டவருக்கு வாந்தி வரும். கெட்ட பொங்கலைப் புளித்த மணத்தாலும், அகப்பையில் எடுக்கும்போது நூல்போல இழுபடுவதாலும் அறியலாம். எனினும் நஞ்சு தோன்றிய பின்னும் சிலவேளை மணமும் சுவையும் மாறாதிருக்கும். பழைய சோற்றை நிவேதிக்கலாகாது என்றும், நிவேதித்ததை அன்றே வழங்குக என்றும் முன்னோர் கொண்ட வழக்கில் தூய்மையுணர்வோடு இந்த அனுபவமும் கலந்திருத்தல் வேண்டும். பகிராத பிரசாதம் பிரசாதமாக நிலைப்பதில்லை; சில மணி நேரத்தில் அது குப்பையாகின்றது.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் முறை. பொருள் செலவிட்ட உபயகாரருக்குச் சிறப்பு வேண்டாவா என்பர். வேண்டும், அதற்கென்றே காளாஞ்சி இருக்கின்றது. தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு கொண்ட தட்டத்தைச் சிவாசாரியார் கையால் பெறுதல் அவருக்குரிய சிறப்பு. அது சோற்றின் பங்கைக் கூட்டிக் கேட்கும் உரிமையன்று. வீட்டில் நோயுற்றிருப்பார்க்கும் முதியோர்க்கும் சிறிது பிரசாதம் கொண்டு செல்லுதல் பழைய, நல்ல வழக்கம். அது ஓர் இலைப்பொதிக்குள் அடங்கும். சிவநிர்மாலியத்தை யார் எவ்வாறு கொள்ளலாம் என்பதில் சைவ நூல்களில் நுணுக்கமான விதிவிலக்குகள் உண்டென்று அறிஞர் சிலர் நினைவூட்டலாம். அவ்விதிகளை யான் மதிக்கின்றேன். ஆயினும் யான் கற்ற அளவில், கொடுத்தவரே முதலும் மிகுதியும் கொள்க என்று கூறும் விதி எதனையும் கண்டிலேன்.

பந்தி கலந்தால் ஒழுங்கு கெடும் என்பாரும் உளர். ஒடிசா நாட்டுப் பூரியில் சகந்நாதருக்கு நிவேதித்த சோறு மகாபிரசாதம் எனப்படும். கோயில் வளாகத்திலுள்ள ஆனந்த பசார் என்னும் இடத்தில் அதனைப் பெற்று, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேற்றுமை பாராது கூடியுண்பது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். பூரியிலும் குறைகள் உள்ளன. அங்கே மகாபிரசாதம் விலைக்கு விற்கப்படுகின்றது. பிற சமயத்தவர் உள்ளே செல்ல இயலாது. ஆயினும் சாதிக் கட்டு இறுகியிருந்த காலத்திலும் அச்சோற்றின்முன் அது தளர்ந்தது. கோயிலின் ஒழுங்கு கெடவில்லை. அவர்களால் இயன்றது சில நூறு பேர் கூடும் நம் ஊர்க்கோயிலில் இயலாதா?

ஆகவே கோயிற் பரிபாலன சபையார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, சிறு பாத்திரத்தில் நிவேதனமும் பெருங்கிடாரத்தில் வேறு சமையலுமாகச் செய்யும் கோயில்களில், நிவேதித்ததைப் பெருங்கிடாரத்தில் கலந்து கிண்டிய பின்னரே வழங்குக. அப்போது உயர்ந்த பங்கு, தாழ்ந்த பங்கு என்பது இல்லாதொழியும். இரண்டாவது, எவருக்கும் வாளி நிரப்புமுன் வந்திருப்போரை எண்ணுக. எண்ணிக்கைக்கு ஓர் அகப்பை வீதம் ஒதுக்கி, எல்லோரும் பெற்ற பின் மிஞ்சினால் மட்டுமே வெளியே கொடுத்தல் தகும். மூன்றாவது, வழங்குவதை வெளிவீதியிலிருந்து தொடங்கி மண்டபத்தில் முடிக்குக. வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சும்போது கடைமடைக்கு முதலில் விட்டால் தலைமடை ஒருநாளும் காயாது. தலைமடைக்கு முதலில் விட்டால் கடைமடை காய்வதுண்டு. இதனை நம் கமக்காரர் எவரும் அறிவர்.

இவற்றுள் எதற்கும் பொருட்செலவு இல்லை; குடமுழுக்கும் தேவையில்லை. உபயகாரர் ஒருவர் தம் வாழையிலைத் துண்டுடன் வெளிவீதி வரிசையின் முடிவில் சென்று நின்றால் போதும். அவரைப் பார்த்து மண்டபத்தார் தாமே எழுந்து வருவர். யானும் அன்று எழுந்து சென்றிருக்க வேண்டும். விரிப்பில் அமர்ந்து முழு அகப்பைப் பொங்கலை உண்டுவிட்டு, பின்னரே அப்பிள்ளையின் இலையைக் கண்டேன் என்பதையும் ஒளியாது சொல்லுதல் கடமை.

வருகின்ற வைகாசியில் வற்றாப்பளைக்கு அம்மாணவனை அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். அங்கே நேர்த்திக்காகக் குடும்பங்கள் தனித்தனி அடுப்பு மூட்டிப் பொங்குவர்; பொங்கி முடிந்ததும் அடுத்த அடுப்பாருக்கு ஓர் அகப்பை கொடுத்து, அவர்களுடையதில் ஓர் அகப்பை வாங்கும் காட்சியை யான் பலமுறை கண்டிருக்கிறேன். நந்திக்கடலைக் காட்டி, மாடு மேய்த்த பிள்ளைகளின் கதையை அவனுக்குச் சொல்வேன். அவன் கேட்ட வினாவுக்கு அங்கே வைத்து விடை சொல்வேன்: "சாமி ஒன்றும் சாப்பிடவில்லை, தம்பி. உன் பங்கையும் சேர்த்துத்தான் தந்தார். இடையிலே இருந்த நாங்கள்தான் சாப்பிட்டுவிட்டோம்."